கலைச்சொல் உதவி: 'திருப்புமுனை' சரிப்படவில்லை, வேறென்ன?

மலர்விழி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை தேக்காவில் கூடும் நம் வாசிப்பு வட்டத்துக்காக நிலையாற்றல் வரைபடம் பற்றி நான்கு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'டர்னிங் பாயின்ட்' வந்ததும் பேனா நின்றுவிட்டது. முதலில் 'திருப்புமுனை' என்றுதான் போட்டேன். வரைவை ஜேசியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து, "படத்தில் திருப்புமுனைகளைக் குறி" என்றேன். பள்ளத்தின் அடியில் ஒரு வட்டம், மேட்டின் உச்சியில் ஒரு வட்டம். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இரண்டும் தப்பு.

படம் இதுதான்: U(x) = x³ − 3x + 2. தொலைவு மீட்டரில், ஆற்றல் ஜூலில், துகளின் நிறை 1 கிலோ. x = −1 இல் 4 ஜூல் உயர மேடு, x = 1 இல் பூச்சியத்தைத் தொடும் பள்ளம். மொத்த ஆற்றல் 2 ஜூல் என்று கிடைக்கோடு இழுத்தால் அது வளைகோட்டை −1.73, 0, 1.73 ஆகிய மூன்று இடங்களில் வெட்டும். துகள் திரும்புவது இந்த இடங்களில்தான். பள்ளத்தின் அடியில் இயக்க ஆற்றல் முழுசாக 2 ஜூல், வேகம் நொடிக்கு 2 மீட்டர். அங்கேதான் அது தலைதெறிக்க ஓடுகிறது. ஓட்டம் உச்சத்தில் இருக்கும் இடத்தைத் திருப்புமுனை என்று அவளை நினைக்க வைத்தது என் சொல்தான். நல்ல சொல் கொடுங்கள்.

சேகர் எழுதியது:

மலர், சொல்லில் குறை இல்லை. கணக்கில் 'திரும்புபுள்ளி' என்று வெகுநாளாக வைத்திருக்கிறோம். சாய்வு பூச்சியமாகி, ஏறுமுகம் இறங்குமுகமாகவோ இறங்குமுகம் ஏறுமுகமாகவோ மாறும் இடம் அது. உங்கள் வளைகோட்டில் அவை −1, 1 இரண்டும்தான். அந்தப் பெண் சரியாகத்தான் குறித்திருக்கிறாள். இயற்பியல்காரர்கள் அதே சொல்லுக்கு வேறு பொருள் கொடுத்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இருக்கிற சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள்.

காதர் எழுதியது:

நான் இயற்பியல் படித்து முப்பது வருஷம் ஆச்சு, இருந்தாலும் வாயைத் திறக்கிறேன். ரயில் பராமரிப்பு வேலையில் இருந்தவன். தானா மேராவுக்கும் சாங்கி விமான நிலையத்துக்கும் நடுவே ஓடும் ரயிலைப் பாருங்கள். ஒரு முனையில் நிற்கும், அப்படியே பின்னோக்கிக் கிளம்பும், மறு முனையில் நிற்கும். மலரம்மா கேட்பது இதுதானே? அப்படியானால் 'நிற்குமிடம்' என்று சொல்லிவிட்டுப் போகலாமே. பஸ் டிரைவருக்கும் புரியும்.

குகதாசன் எழுதியது:

இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி சொல்லிவிட்டீர்கள். சேகர் தம்பி, −1 இலும் 1 இலும் திரும்புவது கோடு. மலர் கேட்பது துணிக்கை திரும்பும் இடத்தை. கோடு திரும்பும் இடத்தில் படித்திறன் பூச்சியம், அதனால் விசையும் பூச்சியம். அதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறதே, சமநிலை. பள்ளத்தில் உறுதிச் சமநிலை, மேட்டில் உறுதியில்லாச் சமநிலை. அந்தப் பிள்ளை குறித்தது இவற்றைத்தான், பெயரைத்தான் மாற்றிப் போட்டுவிட்டாள். (நான் யாழ்ப்பாணத்தில் படித்த ஆள், படித்திறன், துணிக்கை என்றுதான் வாயில் வரும். நீங்கள் சாய்வு, துகள் என்று வாசியுங்கள்.)

காதர் பாய், உங்கள் ரயில் நல்ல உதாரணம், ஆனால் அது பிளாட்பாரத்தில் தங்குகிறது. துணிக்கை தங்காது. x = 0 இல் U-வின் படித்திறன் −3, ஆகவே விசை வலப்பக்கமாக 3 நியூட்டன். வேகம் பூச்சியமாகும் அந்தக் கணத்திலும் முடுக்கம் 3 இருக்கிறது, அதுதான் அதைத் திருப்பி அனுப்புகிறது. மறுபக்கம் 1.73 இல் விசை இடப்பக்கமாக 6 நியூட்டன், இரண்டு மடங்கு. படத்திலேயே பார்க்கலாம், அங்கே சுவர் இன்னும் செங்குத்தாக இருக்கும். வேகமும் விசையும் சேர்ந்து பூச்சியமானால்தான் அது நிற்கும். 'நிற்குமிடம்' என்றால் பிள்ளைகள் மறுபடியும் சமநிலைக்கே போய்விடுவார்கள்.

என் யோசனை 'மீளிடம்'. உறைவிடம், புகலிடம் மாதிரி. 'புள்ளி'யை வேண்டுமென்றேதான் தவிர்த்தேன். புள்ளி என்றால் வளைகோட்டின் மேல் தேடுவார்கள். துணிக்கை கோட்டின் மேல் ஊருவதில்லை, அது x அச்சில் ஓடுகிறது. வெட்டும் புள்ளியிலிருந்து கீழே அச்சுக்கு ஒரு கோடு இறக்கினால் கிடைப்பது ஓர் இடம்.

சேகர் எழுதியது:

கோடு வேறு, துகள் வேறு. சரி, ஒத்துக்கொள்கிறேன், அதை நான் கலந்துவிட்டேன். ஆனால் மூன்று வெட்டு இருக்கிறதே? மூன்று இடத்திலும் துகள் திரும்புமா?

மலர்விழி எழுதியது:

ஒரே துகள் மூன்றிலும் திரும்பாது, சார். பள்ளத்துக்குள் இருப்பது 0-க்கும் 1.73-க்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும். −1.73-க்கும் 0-க்கும் இடையில் வளைகோடு கிடைக்கோட்டுக்கு மேலே போகிறது. அங்கே இருக்க வேண்டுமானால் இயக்க ஆற்றல் எதிர்க்குறியாக வேண்டும், அது முடியாது. −1.73 என்பது இடப்பக்கத்திலிருந்து வரும் இன்னொரு துகளுக்கான மீளிடம். அது மேட்டில் முட்டித் திரும்பி, வந்த வழியே போய்விடும்.

குகன் ஐயா, 'மீளிடம்' எனக்குப் பிடித்திருக்கிறது. 'மீள்' என்றதும் மீட்சி, ரப்பர் என்று யாராவது போவார்களோ என்ற பயம் மட்டும் கொஞ்சம். 'திரும்பிடம்' என்றால்?

குகதாசன் எழுதியது:

'திரும்பிடம்' காதுக்கு இடிக்கிறது. 'திரும்புமிடம்' நன்றாக இருக்கும், கொஞ்சம் நீளம். உங்கள் இஷ்டம்.

ஆனால் எந்தச் சொல் எடுத்தாலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. மொத்த ஆற்றலை 4 ஜூலாக வையுங்கள். கிடைக்கோடு x = 2 இல் வெட்டும், −1 இல் மேட்டின் உச்சியைத் தொட்டும் தொடாமலும் உரசும். அங்கே வேகமும் பூச்சியம், விசையும் பூச்சியம். பள்ளத்திலிருந்து இடப்பக்கம் ஏறி வரும் துணிக்கை அங்கே மீளுமா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். உச்சியிலிருந்து s தொலைவில் இருக்கும்போது மீதி இயக்க ஆற்றல் ஏறத்தாழ 3s², வேகம் √6 · s. நெருங்க நெருங்க, தூரம் குறையும் அளவுக்கே வேகமும் குறைகிறது. மிச்சத் தூரம் பாதியாக ஒவ்வொரு தடவையும் 0.28 நொடி. அடுத்த பாதிக்கும் அதே 0.28. அதனால் போய்ச் சேரவே சேராது. சேராத இடத்திலிருந்து மீளுவது எப்படி?

காதர் எழுதியது:

போய்ச் சேராத ரயிலுக்கு முனையம் எதற்கு?

சேகர் எழுதியது:

என்னைக் கேட்டால் அதையும் மீளிடம் என்றே எழுதலாம். நிலையாற்றல் U, மொத்த ஆற்றல் E-க்குச் சமம், அதாவது U = E என்பதுதான் விதி, அங்கேயும் அது பொருந்துகிறது.

குகதாசன் எழுதியது:

நான் சேகரோடு ஒத்துப்போகவில்லை. அதற்குச் சமநிலை என்ற பெயர் மட்டும் போதும். U = E கொடுக்கும் இடங்களில் விசை பூச்சியமாகாதவையே மீளிடம் என்பேன்.

மலர்விழி எழுதியது:

சனிக்கிழமைக்கு 'மீளிடம்' என்றே போடுகிறேன். 4 ஜூல் கதையைக் கடைசிப் பக்கத்தில் கேள்வியாக விட்டிருக்கிறேன். நேற்று புது வரைவை அதே பெண்ணிடம் கொடுத்தேன். 2 ஜூல் கோட்டை இழுத்தாள், மூன்று வெட்டிலிருந்தும் ஸ்கேல் வைத்து அச்சுக்குக் கோடு இறக்கினாள், மூன்றையும் மீளிடம் என்று குறித்தாள். பிறகு −1.73-ஐ மட்டும் பென்சிலால் தட்டி, "அக்கா, இது யாருக்கு?" என்றாள்.