வடக்குமாசி வீதி வீட்டார் குழு: சனிக்கிழமை காலை

ராஜேந்திரன் மாமா: விடியற்காலை 4.40க்கு மாட்டுத்தாவணியில் இறங்கினேன். கண்ணனை அழைத்தேன். எடுக்கவில்லை. ஆட்டோவுக்கு 350 ரூபாய் கொடுத்து வீடு வந்து சேர்ந்தேன். யாரையும் குறை சொல்லவில்லை.

சரோஜா அத்தை: குறை சொல்லவில்லை என்று வந்ததிலிருந்து நான்கு முறை சொல்லிவிட்டார்.

கண்ணன்: மாமா, கைப்பேசி அடிக்கவே இல்லை. இரவு 10 முதல் காலை 6 வரை ‘தொந்தரவு செய்யாதே’ வைத்திருக்கிறேன். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரைதான். சனிக்குக் குறியே போடவில்லை. இன்று சனி.

பாலு சித்தப்பா: காலை வணக்கம் 🌺

மாலதி அக்கா: கண்ணா, உனக்கு இன்று சனி. ஆண்ட்ராய்டுக்கு அது வெள்ளிக்கிழமை இரவின் மிச்சம். முடியும் நேரம் தொடங்கும் நேரத்தைவிட முந்தியதாக இருந்தால், முடிவை அது அடுத்த நாளுக்குத் தள்ளிவிடும். நேரம் வைக்கும் இடத்தில் 6 மணிக்குப் பக்கத்தில் ‘அடுத்த நாள்’ என்று சிறிய எழுத்தில் இருக்கும், பார். நீ குறியிடும் கிழமை, இரவு தொடங்கும் கிழமை மட்டுமே. வெள்ளி இரவு 10க்குத் தொடங்கியது சனி காலை 6 வரை ஓடும். சனிக்குக் குறி இருக்கிறதா என்று அது கேட்காது.

திவ்யா: அக்கா, மூச்சு விடுங்கள்.

சரோஜா அத்தை: அப்படியென்றால் அலாரமும் அடிக்காதா? எனக்கு 5 மணிக்குப் பால் வாங்க வேண்டும்.

மாலதி அக்கா: அலாரத்தை நீங்களாகத் தடுத்து வைக்காதவரை அடிக்கும் அத்தை.

பாலு சித்தப்பா: வசந்தா அக்கா காதுகுத்துக்குத் திங்கள் விடியற்காலை வருகிறாள். கண்ணா, இப்போதே திங்கள் குறியை எடுத்துவிடு.

கண்ணன்: எடுத்துவிட்டேன்.

மாலதி அக்கா: திரும்பப் போடு! திங்கள் 4.30 என்பது ஞாயிறு இரவின் கணக்கு. ஞாயிறுக்கு நீ குறி போடவே இல்லை, அதனால் தானாகவே அடிக்கும். திங்களை எடுத்தால் திங்கள் இரவு 10 முதல் செவ்வாய் காலை 6 வரை எல்லாமே ஒலிக்கும்.

கண்ணன்: ஓ! ஞாயிறு இரவு ஒரு மணிக்குச் சித்தப்பாவின் பூப்படங்கள் ‘டிங் டிங்’ என்று வருவது அதனால்தானா?

பாலு சித்தப்பா: எனக்குத் தூக்கம் வருவதில்லை. அது கிடக்கட்டும். ஒரே அட்டவணையை இரண்டாக வெட்டினால் என்ன? 10 முதல் 11.59 வரை ஒன்று, 12 முதல் 6 வரை இன்னொன்று. நள்ளிரவைத் தாண்டும் வம்பே இல்லை.

மாலதி அக்கா: அது நல்ல யோசனைதான் சித்தப்பா. இரண்டுக்கும் திங்கள் முதல் வெள்ளி என்று வைத்தால் சனி விடியலில் மாமாவின் அழைப்பு கேட்கும். ஆனால் 11.59க்கும் 12க்கும் நடுவே ஒரு நிமிடம் திறந்து கிடக்கும். முதலாவதை 12 மணிக்கே முடிக்க வேண்டும். அதைவிட, திங்கள் விடியல் இப்போது அமைதியாகிவிடும், பெரியம்மா அழைத்தால் கேட்காது. அப்படி வெட்டினால் மட்டும் இரண்டாவதில் திங்களை எடுக்க வேண்டும்.

பாலு சித்தப்பா: நான் அதைத்தானே முதலிலேயே சொன்னேன்.

திவ்யா: 🤦‍♀️

மாலதி அக்கா: 12 வைக்கும்போது முற்பகலா பிற்பகலா என்று பாருங்கள். நண்பகல் 12 என்று போட்டால் இரவு 10க்குத் தொடங்கி மறுநாள் மதியம் வரை கைப்பேசி ஊமையாக இருக்கும்.

ராஜேந்திரன் மாமா: இத்தனை வெட்டும் ஒட்டும் எதற்கு? சொந்த மாமன் அழைத்தால் அடிக்க வழி இல்லையா?

மாலதி அக்கா: இருக்கிறது. எண்ணுக்கு நட்சத்திரக் குறி போட்டு, நட்சத்திரக்காரர்களின் அழைப்பை அனுமதித்தால் போதும். கிழமைக் கணக்கே வேண்டாம்.

சரோஜா அத்தை: கண்ணனின் மாமியாருக்கு நட்சத்திரம் இருக்கிறது. தீபாவளிக்கு நானே பார்த்தேன்.

ராஜேந்திரன் மாமா: சந்தோஷம்.

கண்ணன்: அத்தை, இப்போது எதற்கு இது?

மாலதி அக்கா: இன்னொன்றும் உண்டு. திரும்ப அழைப்பவர்களுக்கான அனுமதி திறந்திருந்தால், அதே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வரும்போது ஒலிக்கும். மாமா எத்தனை முறை அழைத்தீர்கள்?

ராஜேந்திரன் மாமா: ஒரு முறை. எடுக்காதவனை மறுபடி அழைக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

சரோஜா அத்தை: 2009 கல்யாணத்திலும் இப்படித்தான்.

திவ்யா: என் ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள் அழைத்தால்தான் கணக்கு. நான்காவது நிமிடத்தில் அழைத்தால் அடிக்காது.

கண்ணன்: சரி, மாமாவுக்கு நட்சத்திரம் போட்டுவிட்டேன். பெரியம்மாவுக்கும். அட்டவணையில் கை வைக்கவில்லை.

மாலதி அக்கா: திங்களைத் திரும்பப் போட்டாயா?

திவ்யா: பெரியம்மா கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்து, நடத்துநரின் எண்ணிலிருந்து அழைத்தால்?

மாலதி அக்கா: இரண்டு முறை அழைக்கச் சொல்லுங்கள்.

பாலு சித்தப்பா: அழகர்கோவிலுக்கு வேன் பேசியாகிவிட்டதா?

வசந்தா பெரியம்மா: இப்போதுதான் பார்த்தேன். பஸ்ஸா ரயிலா என்றே நான் இன்னும் முடிவு செய்யவில்லை. முறுக்கு எத்தனை கிலோ வேண்டும்?