சூடோரேஞ்ச்: போலித்தொலைவா, பொய்த்தொலைவா, தோற்றத்தொலைவா?

கவிதா:
வணக்கம். செயற்கைக்கோள் வழிகாட்டல் நாம் இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஓர் ஒலிப்பாடம் எழுதுகிறேன். படம் கிடையாது, காதில் விழுவதுதான் பாடம். கருவி தன் கடிகாரத்தை நம்பிக் கணக்கிடும், இன்னும் சரிசெய்யாத தொலைவான ‘சூடோரேஞ்ச்’ வரும் இடத்தில் சொல் கிடைக்காமல் நிற்கிறேன். பாடத்தில் அந்தப் பகுதி இது:

“நேரான ஒரு சாலை, நீளம் 1,700 மீட்டர். இரு முனைகளிலும் இரண்டு நண்பர்கள். சரியாகப் பத்து மணிக்கு இருவரும் விசில் அடிக்கிறார்கள். நீ நடுவில் எங்கோ நிற்கிறாய். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும். உன் கடிகாரப்படி ஒரு விசில் 3 நொடி கழித்தும் மற்றது 4 நொடி கழித்தும் கேட்கிறது. அப்படியானால் 1,020 மீட்டர், 1,360 மீட்டர். கூட்டிப் பார், 2,380 வருகிறது. சாலையே 1,700தானே? 680 மீட்டர் மிகுதி, அதாவது 2 நொடி. உன்னிடம் இருப்பது ஒரே கடிகாரம். அதன் பிழை இரண்டு அளவிலும் ஒரே அளவாகத்தான் ஏறியிருக்கும். இரண்டிலும் ஒவ்வொரு நொடி கழி. உன் கடிகாரம் ஒரு நொடி முந்தி ஓடுகிறது. நீ முதல் நண்பனிடமிருந்து 680 மீட்டரில் நிற்கிறாய்.”

இதில் 1,020, 1,360 இரண்டையும் ‘பொய்த்தொலைவு’ எனலாமா?

செல்வம்:
எடுத்துக்காட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் அமீபாவுக்குப் போலிக்கால் என்று பிள்ளைகள் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள். அதே வழியில் ‘போலித்தொலைவு’ என்று வைத்துவிடலாம். இன்னொன்று, நான்காவது செயற்கைக்கோளைப் பற்றியும் சொல்லுங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளையும் மையமாக வைத்து அதன் தொலைவை ஆரமாகக் கொண்டால் ஒரு கோளம் கிடைக்கும். மூன்று கோளங்கள் இரண்டு புள்ளிகளில் வெட்டும், எது சரியான புள்ளி என்று காட்டத்தான் நான்காவது.

இராஜேந்திரன்:
செல்வம், கோளங்கள் இரண்டு புள்ளிகளில் வெட்டும் என்பது சரி. ஆனால் அவற்றில் ஒன்று பெரும்பாலும் பூமியை விட்டு வெகு தூரத்தில் விழும். அதைத் தள்ள இன்னொரு செயற்கைக்கோள் தேவையில்லை. நான்காவது வேண்டியிருப்பது கவிதா சொன்ன அந்தக் கடிகாரத்துக்காக. சாலையில் தெரியாதவை இரண்டு: இடம், கடிகாரப் பிழை. அதனால் இரண்டு விசில் போதும். வெளியில் இடத்துக்கே மூன்று எண்கள் வேண்டும், கடிகாரத்தோடு நான்கு.

அந்தப் பிழை எவ்வளவு பெரியது என்பதையும் பாடத்தில் சேருங்கள் அம்மா. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து சமிக்ஞை வர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்குதான் ஆகிறது. கடிகாரம் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலே தொலைவு 300 மீட்டர் தவறிவிடும். மேலே அணுக் கடிகாரம் இருக்கிறது, கையில் இருப்பதோ சாதாரணக் குவார்ட்ஸ்.

‘போலி’ மட்டும் வேண்டாம். கருவியை ஏமாற்றுவதற்காகவே பொய்ச் சமிக்ஞை அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். அதைப் ‘போலிச் சமிக்ஞை’ என்றுதான் சொல்லப்போகிறோம். இரண்டும் குழம்பும். என் பரிந்துரை ‘தோற்றத்தொலைவு’.

யாஸ்மின்:
பெரிய கட்டடங்களுக்கு நடுவே நடந்தால் என் போன் என்னைப் பக்கத்துத் தெருவில் காட்டுகிறது. அதுவும் இந்தக் கடிகாரக் கோளாறுதானே? அப்படியானால் ‘கடிகாரத்தொலைவு’ என்றே வைத்துவிடுங்களேன், சொல்லும்போதே புரியும்.

இராஜேந்திரன்:
இல்லை யாஸ்மின், அது வேறு. நேராக வரவேண்டிய சமிக்ஞை சுவரில் பட்டுச் சுற்றி வருகிறது. 40 மீட்டர் கூடுதலாகப் பயணித்தால் அந்த ஒரு அளவில் மட்டும் 40 மீட்டர் ஏறும். கடிகாரப் பிழை எல்லா அளவிலும் சமமாக ஏறுவதால்தான் அதைப் பிரித்தெடுக்க முடிகிறது. இது அப்படிப் பிரியாது. ஐந்து, ஆறு செயற்கைக்கோள்கள் தெரிந்தால், ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒத்துவராததை வைத்துச் சந்தேகப்படலாம். நான்கே தெரிந்தால் கணக்கு ஒழுங்காக முடிந்துவிடும், விடை மட்டும் தவறாக இருக்கும். வளிமண்டலத் தாமதமும் இப்படித்தான், ஒவ்வொரு திசைக்கும் ஓர் அளவு. இத்தனையும் அந்தத் தொலைவுக்குள் இருக்கும்போது கடிகாரத்தின் பெயரை மட்டும் வைப்பது பொருந்தாது.

கவிதா:
‘திருத்தாத் தொலைவு’ என்றும் யோசித்தேன். வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் ‘திருத்தத் தொலைவு’ என்று காதில் விழுகிறது. பொருளே தலைகீழாகிவிடும், அதனால் விட்டுவிட்டேன். ‘தோற்றத்தொலைவு’ தெளிவாகக் கேட்கிறது. ஆனால் ஒளியியலில் ‘தோற்ற ஆழம்’ வருகிறதே, மாணவர்கள் ஒளிவிலகல் என்று நினைத்துவிட மாட்டார்களா?

செல்வம்:
நினைக்கட்டுமே. தண்ணீருக்குள் கிடக்கும் பொருளும் காரணம் தெரிந்துதான் மேலே தெரிகிறது, உண்மை ஆழத்தைக் கணக்கிட்டுவிடலாம். இங்கும் அதே உறவு. நான்காவது பற்றி இராஜேந்திரன் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ‘போலி’யை இன்னும் கைவிட மனமில்லை. ஏமாற்றுச் சமிக்ஞைக்கு ‘ஏமாற்று’ என்றே சொல் இருக்கும்போது இதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

கவிதா:
சரி, இப்போதைக்குத் ‘தோற்றத்தொலைவு’ என்று பதிவு செய்கிறேன். கண்ணாடிச் சுவரில் பட்டு வரும் சமிக்ஞையையும் சேர்க்கப் போகிறேன். விசில் கதையில் அதை எப்படிக் கொண்டுவருவது? எதிரொலி என்றால் இரண்டு முறை கேட்குமே. நேர் ஒலி மறைந்து எதிரொலி மட்டும் கேட்கிற மாதிரி ஓர் இடம் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.