புதுப்பிப்பு: பெர்ம் செய்த முடி, ஆறு வாரத்துக்குப் பிறகு

நான் கேட்டது: “ஈரத்தில் சுருள் இருக்கு, காய்ந்தால் நுனி பஞ்சு. திரும்பப் பெர்ம் பண்ணலாமா?”

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. திரும்பப் பண்ணவில்லை, அதுதான் முடியைக் காப்பாற்றியது.

பார்லர் வைத்திருக்கும் அக்கா சொன்னதே சரி. முதல் மருந்து முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைக்கும். ராடில் சுற்றியபடியே போடும் பெராக்சைடு புது வளைவில் அவற்றைத் திரும்ப இணைக்கும். என் நுனி ஏற்கெனவே ப்ளீச் பட்டது. அங்கே உடைந்ததெல்லாம் ஒட்டவில்லை. ஈரமான ஒரு இழையை இழுத்துப் பார்த்தேன்: ரப்பர் மாதிரி நீண்டு, பட்டென அறுந்தது.

கும்பகோணத்திலேயே இரண்டு அங்குலம் வெட்டினேன். வாரம் இரண்டு குளியல், முந்தின இரவு தேங்காய் எண்ணெய், அகலப் பல் சீப்பு. மிச்ச சுருள் நிற்கிறது.

“48 மணி நேரம் தண்ணீர் படாமல் இருந்திருக்கணும்” என்ற தம்பி, நான் மூன்று நாள் இருந்தேனே! ஸ்மூத்தனிங் பற்றிக் கேட்ட சித்தி, அது வேறு கதை.

எதிர்பாராதது: எங்கள் போர் தண்ணீரில் அலசினால் சொரசொரப்பு, ஆற்றுத் தண்ணீரில் இல்லை. உப்பா, என் பிரமையா, தெரியவில்லை.