பள்ளிக்கூட டெஸ்க் கொட்டேஷன்: தள்ளுபடி வரிக்கு முன்னா, பின்னா?

மேலத்தெரு (பொருளாளர்), ஷார்ஜா

எல்லோருக்கும் வணக்கம். ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு டெஸ்க், பீரோ வாங்கும் கொட்டேஷன் நேற்று வந்தது. அப்படியே கீழே தட்டியிருக்கிறேன்.

டூயல் டெஸ்க் 40 × 4,800 = 1,92,000
இரும்பு பீரோ 4 × 9,500 = 38,000
தள்ளுபடி 10% = (−) 23,000
வண்டி வாடகை, இறக்கு கூலி = 10,000
வரிக்கு முன் = 2,17,000
சிஜிஎஸ்டி 9% = 19,530
எஸ்ஜிஎஸ்டி 9% = 19,530
மொத்தம் = 2,56,060
சங்கத்துக்கு ஸ்பெஷல் கழிவு = (−) 5,000
கொடுக்க வேண்டியது = 2,51,060

போனில் பேசியபோது கடைக்காரர் சொன்னது, "வரியெல்லாம் சேர்த்து வருகிற மொத்தத்தில் பத்து சதவீதம் குறைத்துக்கொள்கிறேன், அதற்கு மேல் ஐயாயிரம்." அதன்படி நான் போட்டுப் பார்த்தேன். 2,40,000-க்கு 18% வரி 43,200. மொத்தம் 2,83,200. அதில் பத்து சதவீதம் 28,320 போனால் 2,54,880. அவர் காட்டுவது 2,56,060. நமக்கு 1,180 ரூபாய் கூட. தள்ளுபடியை வரிக்குப் பிறகு கழிக்காமல் முன்னாலேயே கழித்துவிட்டதால் வந்த இடிப்பு என்று நினைக்கிறேன். 28,320 வர வேண்டிய இடத்தில் 23,000 தானே இருக்கிறது! திருப்பி அனுப்புமுன் கணக்குத் தெரிந்தவர்கள் ஒருமுறை பாருங்கள்.

---

வடக்குத்தெரு, டொராண்டோ

அண்ணாச்சி, விடாதீர்கள். தள்ளுபடி என்றால் வரிக்குப் பிறகுதான். இங்கே கம்பெனி கூப்பன் கொண்டுபோனால் அப்படித்தான் போடுகிறார்கள். 100 டாலர் சாமான், அதற்கு 13% வரி, 113 ஆச்சா, அதிலிருந்து 10 டாலர் கூப்பன் போய் 103. முன்னாலேயே கழித்தால் வாங்குகிறவனுக்கு நஷ்டம். வரிக்குக் கீழே எழுதச் சொல்லி வேறு கொட்டேஷன் கேளுங்கள்.

---

கீழத்தெரு, மஸ்கட்

பொருளாளர் அண்ணாச்சிக்கு,

வேறு கொட்டேஷன் கேளுங்கள், ஆனால் தள்ளுபடியை வரிக்குக் கீழே இறக்கச் சொல்லாதீர்கள். அப்படிக் கேட்டு, அவர் இதே 23,000-ஐ அப்படியே கீழே இறக்கிவிட்டால் நம் கையைவிட்டுப் பணம் போகும்.

சதவீதத் தள்ளுபடியைப் பொறுத்தவரை முன்னா பின்னா என்பது பிரச்சினையே இல்லை. 2,40,000-இல் பத்து சதவீதம் 24,000 கழித்தால் 2,16,000. அதற்கு வரி 38,880. கூட்டினால் 2,54,880. நீங்கள் பின்னால் கழித்துக் கண்ட அதே தொகை. முதலில் 0.9-ஆல் பெருக்கிவிட்டு 1.18-ஆல் பெருக்கினாலும், மாற்றிப் பெருக்கினாலும் விடை ஒன்றுதான். கழிவு 24,000 என்றும் 28,320 என்றும் வேறு வேறாகத் தெரிவது, இரண்டாவதில் நமக்கு மிச்சமாகும் வரி 4,320-ம் சேர்ந்து நிற்பதால்.

அப்போது 1,180 எங்கிருந்து வந்தது? அதை 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள். சுளையாக 1,000 வருகிறது. வரிக்கு முந்தின தொகையில் ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருக்கிறது என்று அர்த்தம். கொட்டேஷனில் தள்ளுபடி எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். டெஸ்க்கும் பீரோவும் முடிந்த உடனே இருக்கிறது, வண்டி வாடகை அதற்குக் கீழே வருகிறது. 23,000 என்பது 2,30,000-இன் பத்து சதவீதம். வாடகை 10,000-க்குத் தள்ளுபடி விழவே இல்லை. விட்டுப்போன ஆயிரமும் அதன் மேல் 180 வரியும்தான் உங்கள் 1,180.

உண்மையிலேயே கணக்கு உதைப்பது வேறு ஒரு மாதிரி போட்டால்தான். கழிவை வரியில்லாத விலைக்குக் கணக்குப் பண்ணி 24,000 என்று எடுத்துவிட்டு, அதை வரி சேர்ந்த மொத்தத்திலிருந்து கழித்தால் 2,83,200 − 24,000 = 2,59,200 ஆகும். அப்போது வித்தியாசம் 4,320 என்று வந்திருக்கும், அதாவது 24,000-இன் 18%. ஆகவே வித்தியாசத்தை 1.18-ஆல் வகுத்து முழு எண் வந்தால் ஏதோ ஒரு சாமானோ கூலியோ தள்ளுபடிக்கு வெளியே நிற்கிறது. 0.18-ஆல் வகுத்ததும் கழிவுத் தொகையே வந்து நின்றால், கழித்துவிட்ட பணத்துக்கும் வரி வாங்குகிறார்கள். ஒன்றிரண்டு ரூபாய் மட்டும் இடித்தால் ரவுண்ட் ஆஃப், அதை விட்டுவிடலாம்.

டொராண்டோ தம்பி சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கூப்பனை முன்னால் கழித்தால் 90-க்கு 13% சேர்த்து 101.70. பின்னால் கழித்ததால் 103. பின்னால் கழித்ததில்தான் வாங்கியவருக்கு 1.30 நஷ்டம். அந்தக் கூப்பன் பணத்தைக் கம்பெனி பிறகு கடைக்குக் கொடுத்துவிடுகிறது, கடைக்கு முழு விலையும் கிடைக்கிறது, அதனால் அங்கே முழு விலைக்கு வரி. நம் கடைக்காரர் தன் கையிலிருந்து குறைக்கிறார். இது வேறு.

---

தெற்குத்தெரு, கோலாலம்பூர்

பள்ளிக்கூடத்துக்கு நன்கொடையாகக் கொடுக்கிறோமே, அதற்கு எதற்கு வரி? நம் சங்கம் பதிவு பெற்றதுதானே, அந்தச் சான்றிதழைக் காட்டினால் 39,060-ம் போய்விடாதா?

---

மேலத்தெரு (பொருளாளர்), ஷார்ஜா

மாமா, அது நன்கொடை கொடுக்கிறவருக்கு வருமான வரியில் கிடைக்கும் சலுகை. கடையில் சாமான் வாங்கினால் ஜிஎஸ்டி கட்டியே ஆக வேண்டும். நமக்கு ஜிஎஸ்டி எண் கிடையாது, கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. அதனால்தான் ஒவ்வொரு நூறையும் பார்க்கிறேன்.

மஸ்கட் தங்கச்சி, வாடகை தள்ளுபடிக்குக் கீழே இருப்பது என் கண்ணிலேயே படவில்லை. நன்றி. ஆனால் கடைசியில் இருக்கும் 5,000 வரிக்குக் கீழேதானே இருக்கிறது? அது சரியா?

---

காந்தி தெரு, சிங்கப்பூர்

சித்தப்பா, ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். E2 டெஸ்க், E3 பீரோ, E4 வாடகை.

```
=(E2+E3+E4)*0.9*1.18
=((E2+E3)*0.9+E4)*1.18
=(((E2+E3)*0.9+E4)-5000)*1.18
```

முதலாவது 254880, இரண்டாவது 256060. அத்தை சொன்னது சரிதான். மூன்றாவதில் 5,000-ஐ வரிக்கு மேலே ஏற்றிப் பார்த்தேன், 250160 வருகிறது. கொட்டேஷனில் இருப்பது 251060. அப்படியென்றால் 900 ரூபாய் போகிறதா? சதவீதத்துக்கு ஒரு நியாயம், ரூபாய்க்கு ஒரு நியாயமா?

---

கீழத்தெரு, மஸ்கட்

ஆமாம், ரூபாயாகச் சொன்ன கழிவுக்கு இடம் முக்கியம். சதவீதம் வரி சேர்ந்தால் தானும் வளரும். 5,000 எங்கே வைத்தாலும் 5,000 தான். வரிக்கு மேலே வைத்தால் அதன் 18%-ஆன 900-ம் நமக்குக் குறையும், 5,900 மிச்சம். கீழே வைத்தால் 5,000 மட்டும் மிச்சம்.

ஆனால் அண்ணாச்சி, 900-ஐக் கடைக்காரர் அமுக்கிவிட்டார் என்று போய் நிற்காதீர்கள். இப்போது எழுதியிருக்கிறபடி பில் போட்டால் அவர் 2,17,000-க்கு முழு வரி 39,060-ஐ அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டு, ஐயாயிரத்தைத் தன் லாபத்திலிருந்து விடுகிறார். அவருக்கும் இது வீண். நாம் கொடுக்கும் 2,51,060-ஐ மாற்றாமலே, 5,000-ஐ 1.18-ஆல் வகுத்து 4,237.29 என்று வரிக்கு மேலே காட்டியிருந்தால் அவர் கட்டும் வரி 38,297.29 ஆகியிருக்கும். அவருக்கு 762.71 மிச்சம். சட்டம் இதை அனுமதிக்கிறது: விற்கும்போதோ அதற்கு முன்போ கொடுத்த தள்ளுபடியைப் பில்லிலேயே காட்டிவிட்டால் அந்தத் தொகைக்கு வரி கிடையாது. சிஜிஎஸ்டி சட்டம் 2017, பிரிவு 15(3). பெரும்பாலும் பில் போடும் பையன் கணக்கை முடித்த பிறகு முதலாளி சொன்ன கழிவை அடியில் சேர்த்துவிடுவான், அதனால் இப்படி வரும்.

அவர் மனதில் நினைத்த ஐயாயிரம் எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வரியில்லாத விலையில் ஐயாயிரம் என்றால் நமக்கு 900 வர வேண்டும். கையில் கொடுக்கும் பணத்தில் ஐயாயிரம் என்றால் 2,51,060 சரி, பில்லில் இடம் மட்டும் மாற வேண்டும். நீங்கள் எழுதிய பேச்சில் "அதற்கு மேல் ஐயாயிரம்" என்று மட்டும்தான் இருக்கிறது. அதிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

இரண்டு தள்ளுபடி இருப்பதால் எது முதலில் என்பதையும் எழுதி வாங்குங்கள். பத்து சதவீதம் போட்டுவிட்டுப் பிறகு 5,000 என்றால் 2,11,000. முதலில் 5,000 கழித்துவிட்டுப் பத்து சதவீதம் என்றால் 2,11,500. நமக்கு முன்னதுதான் நல்லது, அவர் சொன்னதும் அந்த வரிசையில்தான்.

---

காந்தி தெரு, சிங்கப்பூர்

அத்தை, பள்ளிக்கு சோலார் விளக்கும் இதே பில்லில் சேர்க்கலாம் என்று போன வாரம் பேச்சு வந்ததே, அதற்கு வரி 5% தானே. அப்போதும் இதே கணக்கா?

---

கீழத்தெரு, மஸ்கட்

சதவீதத் தள்ளுபடி எல்லாச் சாமானுக்கும் ஒரே அளவில் விழுந்தால் அப்போதும் வித்தியாசம் வராது. ஐயாயிரம்தான் பார்க்க வேண்டியது. டெஸ்க் விலையில் கழித்தால் நமக்கு 5,900 குறையும், விளக்கு விலையில் கழித்தால் 5,250 தான். ஒரே பில்லாக வாங்கினால் எந்தச் சாமானில் கழித்தார் என்று பில்லில் தெரிய வேண்டும். தனி பில்லாக வாங்கினால் இந்தக் குழப்பமே வேண்டாம்.

---

வடக்குத்தெரு, டொராண்டோ

101.70 கணக்கைப் போட்டுப் பார்த்தேன், நான் சொன்னது தலைகீழ். ஆனால் வாடகை விஷயத்தில் ஒன்று. லாரிக்காரனுக்கும் இறக்குகிற ஆட்களுக்கும் கடைக்காரர் அப்படியே எடுத்துக் கொடுக்கிற காசு அது. அதில் பத்து சதவீதம் கேட்பது நியாயமா? "மொத்தத்தில்" என்று அவர் சொன்னது சாமான் விலையை நினைத்துத்தான் இருக்கும்.

---

மேலத்தெரு (பொருளாளர்), ஷார்ஜா

தம்பி, "வரியெல்லாம் சேர்த்து வருகிற மொத்தத்தில்" என்றுதான் என் காதில் விழுந்தது. அவர் நினைத்தது வேறாகவும் இருக்கலாம், சண்டைக்குப் போகவில்லை. இன்று இப்படிக் கேட்டு அனுப்புகிறேன்:

"ஐயா, 10% தள்ளுபடி வண்டி வாடகை, இறக்கு கூலிக்கும் சேர்த்தா, சாமானுக்கு மட்டுமா என்று தெரிவிக்கவும். ஸ்பெஷல் கழிவு 5,000 வரிக்கு முந்தின விலையிலா, நாங்கள் கொடுக்கும் இறுதித் தொகையிலா என்றும் தெரிவிக்கவும். எதுவானாலும் இரண்டு கழிவையும் வரிக்கு மேலே காட்டித் திருத்திய கொட்டேஷன் அனுப்பவும். பில்லும் அதே மாதிரி வர வேண்டும்."

இரண்டுக்கும் நமக்குச் சாதகமாகச் சொன்னால் 2,11,000-க்கு வரி சேர்த்து 2,48,980. இரண்டும் இல்லையென்றால் இப்போதைய 2,51,060. நடுவில் 2,080 ரூபாய்தான் பேச்சு. பதில் வரும்வரை அட்வான்ஸ் அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

---

தெற்குத்தெரு, கோலாலம்பூர்

வாடகையை விட்டுக்கொடுங்கள் மாப்பிள்ளை, டொராண்டோ சொல்வது எனக்கு நியாயமாகப் படுகிறது. ஐயாயிரத்தை மட்டும் வரிக்கு மேலே ஏற்றச் சொல்லுங்கள்.

---

கீழத்தெரு, மஸ்கட்

எனக்கு அப்படிப் படவில்லை மாமா. வாடகையும் பில்லில் ஏறி அதற்கும் 18% வாங்குகிறார், அப்போது அதுவும் "மொத்தம்"தானே. விட்டுக்கொடுப்பதானால் அவர் பதிலைப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுப்போம்.