தக்கவைப்பு போனஸைத் திருப்பித் தரும்போது வரி யார் தலையில்?

வணக்கம். நண்பர் ஒருவருக்காகக் கேட்கிறேன். 2024 பிப்ரவரியில் ரூ.3,00,000 தக்கவைப்பு போனஸ் தந்தார்கள். 18 மாதம் வேலை செய்ய வேண்டும், முன்பே விலகினால் மீதி மாதங்களுக்கான பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். 31.2% டிடிஎஸ் போக, கைக்கு வந்தது ரூ.2,06,400. 12 மாதம் முடித்து, 2025 பிப்ரவரியில் விலகிவிட்டார்.

மீதி 6 மாதத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, ரூ.1,00,000 கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பங்கில் அவர் கைக்கு வந்தது ரூ.68,800 தான். மீதி ரூ.31,200 வரியாக அரசுக்குப் போய்விட்டது. ஒப்பந்தத்தில் 'வழங்கிய தொகை' என்று மட்டும் இருக்கிறது; வரிக்கு முன்பா பின்பா என்று இல்லை. சிக்கலே அதுதான்.

அதே நிதியாண்டில் விலகியிருந்தால் கடைசி மாதச் சம்பளத்தில் வரியைச் சரிக்கட்டியிருக்கலாம். இங்கே பழைய ஆண்டின் படிவம் 16 வந்துவிட்டது, திருத்திய ரிட்டர்ன் கெடுவும் முடிந்துவிட்டது.

இறுதிக் கணக்கில் இந்த ஒரு லட்சத்தை நிகரச் சம்பளத்தில் கழித்திருக்கிறார்கள். மொத்தச் சம்பளத்திலேயே கழித்தால் வரிக்குரிய வருமானம் குறையும். அப்படி படிவம் 16-ஐத் திருத்தி வாங்கியவர்கள் உண்டா? சம்பளப் பிரிவுக்கு எழுதிய கடிதத்தின் வாசகம் இருந்தால் பகிருங்கள். கழித்ததை வரித்துறை ஏற்றதா என்பதையும் சொல்லுங்கள்.