புதுப்பிப்பு: புதிய இணையதளம் பற்றி ஊழியர்களுக்கு எழுதிய குறிப்பு

இங்கே நான் கேட்டிருந்தது: "புது இணையதளம் வந்தாச்சுன்னு ஊழியர்களுக்குக் குறிப்பு எழுதணும். அதில் வரும் விசாரணைகளுக்கு எப்படிப் பதில் போடணும்னு என்ன சொல்லலாம்?"

குறிப்பு போய்விட்டது. தளம் திறந்தாச்சு, விசாரணைகள் பொது அஞ்சல் பெட்டிக்கு வரும், ஒரு வேலை நாளுக்குள் பதில் போடுங்கள் என்று மூன்றே வரி. மூன்றாம் நாளே ஒரு வாடிக்கையாளர் போனில் கத்தினார், பதிலே வரவில்லையாம். எங்கள் ஆள் அழகாகப் பதில் எழுதியிருந்தார், அது யாரும் படிக்காத noreply முகவரிக்குப் போயிருந்தது. தளத்தின் விசாரணைப் படிவத்திலிருந்து வரும் அஞ்சலை அனுப்புவது வாடிக்கையாளர் இல்லை, நம் தளம்தானே!

இங்கே வந்த பதில்களில், From-இல் வாடிக்கையாளர் முகவரியைப் போடச் சொன்னவர் பாதி சரி. அப்படிச் செய்தோம், வாடிக்கையாளர் முகவரியைச் சொல்லிக்கொண்டு நம் சர்வரிலிருந்து கிளம்பிய அஞ்சல் ஸ்பேமில் விழுந்தது. From-ஐ அப்படியே விட்டு, பதில் போக வேண்டிய முகவரியை Reply-To வரியில் போடச் சொன்ன நண்பருக்கு நன்றி:

```
From: noreply@example.com
Reply-To: customer@example.org
```

தானியங்கிப் பதில் வைக்கச் சொன்னவர் கேள்வியை வேறு மாதிரி புரிந்துகொண்டார் போல. ஆனால் தன் அலுவலகத்தில் இரண்டு பேர் ஒரே விசாரணைக்கு இரண்டு விலை சொன்ன கதையைச் சொன்னாரே, அது உதவியது. குறிப்பில் இப்போது சேர்த்தது:

"Reply அழுத்தியதும் To-வில் வாடிக்கையாளர் முகவரி இருக்கிறதா பாருங்கள். எழுதத் தொடங்கும் முன் அஞ்சலில் உங்கள் பெயரைக் குறியிடுங்கள். அஞ்சல் தலைப்பிலுள்ள விசாரணை எண்ணை அழிக்காதீர்கள்."

படிவத்தில் மின்னஞ்சல் முகவரியையே தப்பாக அடிப்பவர்களை என்ன செய்வது? தொலைபேசி எண்ணைக் கட்டாயமாக்கலாம் என்கிறேன் நான். அப்புறம் படிவத்தையே நிரப்ப மாட்டார்கள் என்கிறார் மேலாளர்.