கடைசி வரியில் சீப்பு சிறுத்துவிட்டது: விடை 14ஆ, 16ஆ?

செல்வி (திருச்சி)

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தப் படப்புதிர் வந்தது. எண்களுக்குப் பதில் பழங்கள்.

ஆப்பிள் + ஆப்பிள் + ஆப்பிள் = 30
ஆப்பிள் + வாழைச்சீப்பு + வாழைச்சீப்பு = 18
வாழைச்சீப்பு − தேங்காய் = 2
தேங்காய் + ஆப்பிள் + வாழைச்சீப்பு = ?

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் 16 என்றாள். என் அண்ணன் 14தான் என்கிறார். கடைசி வரியில் படங்கள் மாறியிருக்கின்றனவாம். எது சரி? அவளிடம் என்ன சொல்ல?

பாலா

14தான், அக்கா. இது 2016 வாக்கில் உலகம் முழுக்கச் சுற்றிய புதிர். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் வரிகளில் உள்ள சீப்பில் நான்கு பழம். கடைசி வரிச் சீப்பில் மூன்றுதான். மூன்றாம் வரியில் தேங்காய் இரண்டு மூடியாக இருக்கிறது. கடைசி வரியில் ஒரே ஒரு மூடி.

ஆப்பிள் 10. 18இல் 10 போனால் 8, அதனால் சீப்பு 4. அதில் பழமும் நான்கு, ஆக ஒரு பழம் 1. 4இல் எதைக் கழித்தால் 2? தேங்காய் 2. அது இரண்டு மூடி, ஆக ஒரு மூடி 1. கடைசி வரி 1 + 10 + 3 = 14. எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. மகளுக்குக் கணக்கு தெரிகிறது, படத்தைத்தான் சரியாகப் பார்க்கவில்லை.

ராஜா

எல்லோரும் அடிப்படையை விட்டுவிட்டீர்கள். கடைசி வரியில் முதலில் பெருக்கல், அப்புறம்தான் கூட்டல். அந்த வரிசைப்படி செய்யாமல் இடமிருந்து வலமாகப் போனால் விடை தப்பாகத்தான் வரும்.

பாலா

ராஜா, இந்தப் படத்தில் பெருக்கலே இல்லை. நீங்கள் சொல்வது வேறு புதிர்.

ராஜா

எனக்கு வந்த படத்தில் கடைசி வரியில் தேங்காய்க்கும் ஆப்பிளுக்கும் நடுவில் கூட்டல், ஆப்பிளுக்கும் சீப்புக்கும் நடுவில் பெருக்கல். 1 + 10 × 3, அதாவது 31. என் தம்பி 33 என்று எழுதியிருந்தான். ஒரே புதிரை ஆளாளுக்கு மாற்றி அனுப்புகிறார்கள் போல. செல்வி, உங்கள் படத்தில் குறியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செல்வி (திருச்சி)

பார்த்தேன். எல்லாம் கூட்டல்தான்.

அருண்

பாலா சொல்வதை நான் ஏற்கவில்லை. 14ம் இல்லை, 16ம் இல்லை, இதற்கு விடையே கிடையாது. இந்த மாதிரிப் புதிரின் விதி ஒன்றுதான்: ஒரு படம், ஒரு எண். நான்கு பழச் சீப்பு ஒரு படம். மூன்று பழச் சீப்பு இன்னொரு படம். இரண்டு மூடி ஒன்று, ஒரு மூடி வேறொன்று. ஆப்பிளையும் சேர்த்தால் மொத்தம் ஐந்து படங்கள், நமக்கு விடையோடு கொடுத்திருப்பது மூன்று வரி. மூன்று பழச் சீப்பு எந்த வரியிலும் வரவே இல்லை. அதன் மதிப்பு 3 என்று யார் சொன்னது? 7 என்று வைத்தாலும் மேலே உள்ள எந்த வரியும் கெடாது.

மூன்று பழம், மூன்று வரி என்று இருந்தால் கட்டாயம் விடை வரும். இதில் அது இல்லை. இதைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

யாஸ்மின்

அருண் தம்பி, மூன்று பழம் மூன்று வரி இருந்தால் கட்டாயம் வரும் என்று சொல்லாதீர்கள். என் பையனுக்கு டியூஷனில் ஒரு தாள் கொடுத்தார்கள்:

மாம்பழம் + கொய்யா = 11
கொய்யா + வாழை = 9
மாம்பழம் − வாழை = 2
மாம்பழம் + கொய்யா + வாழை = ?

என் பையன் மாம்பழம் 7, கொய்யா 4, வாழை 5 என்று வைத்து 16 என்று எழுதினான். தப்பு போட்டு, 15 என்று திருத்தியிருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் 6, 5, 4. நான் உட்கார்ந்து சரிபார்த்தேன். இரண்டுமே மூன்று வரிக்கும் பொருந்துகின்றன. போய்க் கேட்டால் 'விடைத்தாளில் 15தான் இருக்கிறது' என்கிறார்கள். பையன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அவன் எங்கே தப்பு செய்தான் என்று யாராவது சொல்லுங்கள்.

முருகேசன் (ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்)

உங்கள் பையன் தப்பே செய்யவில்லை அம்மா. முதல் வரியிலிருந்து இரண்டாம் வரியைக் கழித்துப் பாருங்கள். இரண்டிலும் கொய்யா இருப்பதால் அது அடிபட்டுப் போகும். மிச்சம் மாம்பழம் − வாழை, அந்தப் பக்கம் 11 − 9 = 2. மூன்றாம் வரி அதேதான்! புதிதாக அது எதுவும் சொல்லவில்லை. தாளில் மூன்று வரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது இரண்டே வரி. அதனால் 8, 3, 6 என்று வைத்தாலும் பொருந்தும், கூட்டினால் 17 வரும். தாளைத் தயாரித்தவர் மனதில் 6, 5, 4 என்று முடிவு செய்துகொண்டு, அதற்குப் பொருந்துகிற மூன்று வரிகளை எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறார். வேறு எண்களும் பொருந்துமா என்று பார்க்கவில்லை.

மூன்றாம் வரியை மாம்பழம் + வாழை = 10 என்று மாற்றியிருந்தால் போதும். மூன்று வரியையும் கூட்டினால் 30, அதில் ஒவ்வொரு பழமும் இரண்டு முறை இருக்கிறது, ஆகவே மூன்றும் சேர்ந்து 15. தனித்தனி மதிப்பு தெரியாமலேயே கடைசி வரி கிடைத்துவிடும். அங்கே 10க்குப் பதில் 9 போட்டால் மொத்தம் 29, பாதி 14.5, பழங்களின் மதிப்பும் அரை எண்ணாக வரும். விடை இருக்கிறது, ஆனால் முழு எண்ணாக வைத்துப் பார்த்துக்கொண்டே போகிற பிள்ளை திணறும். ஒரு பழத்தின் மதிப்பை ஒன்று கூட்டி வைத்தால் மற்றவற்றை மாற்றி எல்லா வரியையும் சரிக்கட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்தத் தாளில் ஒரு வரி குறைகிறது.

இப்போது செல்வியின் புதிருக்கு வருகிறேன். அருண் பாதி சரி. மூன்று பழச் சீப்புக்கு மேலே சாட்சி இல்லை என்பது உண்மை. ஆனால் அதனால் விடையே இல்லை என்று விட்டுவிட முடியாது. புதிர் போட்டவர் 14ஐத்தான் நினைத்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்தப் படங்களைச் செய்பவர்கள் ஒரே படத்தை நகலெடுத்து ஒட்டுவார்கள், அதுதான் சுலபம். மேலே எல்லா இடத்திலும் ஒரே சீப்பு இருந்து, கேள்வி வரியில் மட்டும் மாறியிருந்தால், யாரோ வேண்டுமென்றே வேலை மெனக்கெட்டு மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆனால் செல்வி, உங்கள் மகளின் 16 கணக்குப் பிழை அல்ல. சீப்பு என்றால் சீப்பு, தேங்காய் என்றால் தேங்காய் என்று அவள் படித்திருக்கிறாள். அந்த வாசிப்பில் 2 + 10 + 4 = 16 சரியான விடை.

பாலா

சார், இரண்டையும் சரி என்றால் எப்படி? நான்கு பழம் 4, இரண்டு மூடி 2. இது தற்செயலா?

முருகேசன் (ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்)

தற்செயல் இல்லை தம்பி. ஆனால் முதல் வரியைப் பார். ஒரு ஆப்பிள் 10. எண்ணிக்கைதான் மதிப்பு என்றால் ஆப்பிள் 1 ஆக இருந்திருக்க வேண்டும். ஆகவே விதி 'எத்தனை துண்டோ அத்தனை' அல்ல. 'துண்டு ஒவ்வொன்றுக்கும் சமமான மதிப்பு' என்ற வேறு ஒரு விதியை நீயாக ஊகிக்கிறாய். நல்ல ஊகம்தான், ஆனால் சீப்புக்கு உன்னிடம் இருப்பது ஒரே ஒரு சாட்சி.

எனக்கு உண்மையில் கவலை இன்னொன்று. ஒரு பொருளின் படம் முதலில் எண்ணைக் குறிக்கிறது, பிறகு அந்தப் பொருளின் எண்ணிக்கையையும் குறிக்கத் தொடங்குகிறது. இந்தக் குழப்பம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. இங்கிலாந்தில் 1970களில் நடந்த ஓர் ஆய்வை வைத்து டீட்மார் கூஷ்மன் என்பவர் 1981இல் எழுதினார். அதில் ஒரு கேள்வி: நீலப் பென்சில் 5 பென்ஸ், சிவப்புப் பென்சில் 6 பென்ஸ், வாங்கியதற்கு மொத்தம் 90 பென்ஸ். b நீலப் பென்சில்களின் எண்ணிக்கை, r சிவப்புப் பென்சில்களின் எண்ணிக்கை. என்ன எழுதலாம்? 5b + 6r = 90 என்று எழுத வேண்டும். நிறையப் பிள்ளைகள் b + r = 90 என்று எழுதினார்கள். 'நீலமும் சிவப்பும் சேர்ந்து 90' என்று b-ஐப் பென்சிலாகவே படித்துவிட்டார்கள். இந்தச் சீப்புத் தந்திரம் அந்தப் பழக்கத்துக்குத் தீனி போடுகிறது என்பது என் எண்ணம்.

பாலா

அதை ஏற்க மாட்டேன் சார். சிவப்புப் பென்சில் கேள்வியில் படம் இல்லை, எழுத்து. இங்கே பார்த்துக் கண்டுபிடிப்பதே புதிர். மருந்துச் சீட்டில் அரை மாத்திரைக்கும் முழு மாத்திரைக்கும் வித்தியாசம் பார்க்கிற கண் பிள்ளைக்கு வேண்டாமா? அதைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல பயிற்சி எது?

அருண்

யாஸ்மின் அக்கா சொன்ன தாள் எனக்குப் புதிது, வரி எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாதுதான். ஆனால் பாலாவிடம் ஒரு கேள்வி. எங்கள் அலுவலகக் குழுவில் பாதிப் பேர் 15 என்றார்கள். அது எங்கிருந்து வந்தது?

பாலா

ஒரு மாற்றத்தை மட்டும் கவனித்தால் 15. மூடியைப் பார்த்து, சீப்பை விட்டுவிட்டால் 1 + 10 + 4.

முருகேசன் (ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்)

சீப்பைப் பார்த்து மூடியை விட்டாலும் 2 + 10 + 3, அதுவும் 15தான். இரண்டு பேர் ஒரே விடை சொன்னார்கள் என்பதற்காக ஒரே மாதிரி யோசித்தார்கள் என்று வகுப்பில் எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் இப்படிப்பட்ட கணக்கில் விடையை மட்டும் வாங்கி மதிப்பெண் போடக் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் என்ன எண் வைத்தாய் என்று எழுதச் சொல்ல வேண்டும்.

செல்வி (திருச்சி)

மகளிடம் பெரிதாக்கிய படத்தைக் காட்டினேன். மூன்று பழம் இருப்பதை உடனே பார்த்துவிட்டாள். 'அப்போ ஒரு பழம் எவ்வளவுன்னு எங்கே சொல்லியிருக்காங்க?' என்றுதான் கேட்டாள். அருண் கேட்டதேதான்.

முருகேசன் (ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்)

அவளையே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு பழச் சீப்பு + ஆப்பிள் = 12. இப்போது நான்கு பழம் 4, இரண்டு பழம் 2 என்று இரண்டு சாட்சி. மூன்றுக்கு 3 என்று சொல்ல ஓரளவு உரிமை வந்துவிடும். ஒரு மூடிக்கும் அதே மாதிரி ஒரு வரி போட்டால் புதிர் நியாயமாகிவிடும்.

பாலா

அதைப் போட்டால் தந்திரம் அங்கேயே தெரிந்துவிடும் சார். புதிரே செத்துப்போகும்.

அருண்

எனக்கு அதுவும் போதாது. மூன்று பழச் சீப்பையே ஏதாவது ஒரு வரியில் மதிப்போடு காட்டினால்தான் 14ஐ ஏற்பேன்.